"அக்காவும் அங்கதான்" எண்டு முதலே சொல்லுங்கோ

வேலைக்கு விண்ணப்பிக்கிற வயதில் எங்களுக்கு இரண்டு புத்திமதி கிடைக்குது. ஒன்று: "அக்கா அங்க வேலை செய்யிறதைச் சொல்லிப்போடாத, சொன்னா எடுக்கமாட்டாங்கள்." மற்றது: "அக்காட பேரைச் சொல்லு, கட்டாயம் எடுப்பாங்கள்." சில வீடுகளில் இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்லுவார். காலையில் அம்மாவுக்கு முன்னால் ஒன்று, பின்னேரம் தேத்தண்ணியோடு மற்றது.

இரண்டும் பிழை என்பதுதான் எங்கட வாதம். முதலாவது புத்திமதி உறவை ஒளிக்கச் சொல்லுது, இரண்டாவது அதை விக்கச் சொல்லுது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கு, அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தாறேல்லை: உறவை ஒரு தகவலாக, எழுத்தில், சரியான ஆளிடம், சரியான நேரத்தில் சொல்லிவிட்டு, அந்த உறவு தொடுகிற முடிவுகளிலிருந்து இருவரும் விலகி நிற்பது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் ஒரு வேலை மட்டுமில்லை, வீட்டிலுள்ள இரண்டு வேலைகளும் ஒன்றாகப் போகலாம்.

முதலில், நிறுவனங்கள் இதை ஏன் கேட்கின்றன? "எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறாங்கள்" என்றுதான் பலர் எடுக்கினம். அது சரியில்லை. ஒரு வங்கிக் கிளையின் பெட்டகத்தை யோசித்துப் பாருங்கோ. அதன் திறப்புகள் ஒரே ஆளிடம் இருக்காது. இரண்டு உத்தியோகத்தர்களிடம் ஒவ்வொன்றாக இருக்கும், இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறபடும். கணினியிலும் இதே முறைதான். ஒருவர் கொடுக்கல் வாங்கலைப் பதிவார், இன்னொருவர் பார்த்து அனுமதிப்பார். பதிந்தவரே அனுமதிக்க முடியாது. இந்த ஏற்பாடு முழுக்க ஒரேயொரு ஊகத்தில் நிற்குது: அந்த இரண்டு பேரும் உண்மையிலேயே இரண்டு பேர். ஒருவர் பிழை செய்தால் மற்றவருக்கு அதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

அந்த இருவரும் கணவன் மனைவி என்றால் என்ன நடக்கும்? இரண்டு திறப்பும் இராத்திரி ஒரே மேசையில் கிடக்கும். அவர்கள் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். ஆனாலும் இரண்டு திறப்பு என்ற பாதுகாப்பு அங்கே இல்லை, ஒரு திறப்புத்தான் இருக்கு. நிறுவனம் அது தெரியாமல் இரண்டு இருக்கு என்று நம்பிக்கொண்டிருக்கும். நலன் முரண் என்பது இதுதான். அது ஒருவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பில்லை, அவர் நிற்கிற இடத்தைப் பற்றிய விபரம். நல்லவரும் அந்த இடத்தில் நிற்கலாம். இதை விளங்கிக்கொண்டால் "ஏன் என்னட்டக் கேக்கிறாங்கள்" என்ற கோபம் பாதி குறைந்துவிடும்.

இப்ப ஒரு உதாரணத்தைக் கற்பனை பண்ணுவம். கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை. முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லீசிங் குடுக்கிற இடம். அக்கா அங்கே கடன் பிரிவில் நாலு வருடமாக வேலை. வெளியிலிருந்து வருகிற கோப்புகளைச் சரிபார்த்து முகாமையாளருக்கு அனுப்புவது அவவின்ர வேலை. வருமானத்துக்கு ஆதாரம் இருக்கா, பிணையாளிகளின் சம்பளத் துண்டு இருக்கா, வீட்டுக்குப் போய்ப் பார்த்த அறிக்கை இருக்கா என்று பார்ப்பா. தம்பி கலைப்பீடத்தில் பட்டம் முடித்துவிட்டு அதே கிளையில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கிறான். வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது, வீடு பார்ப்பது, அறிக்கை எழுதுவது, கோப்பைக் கொண்டுவந்து குடுப்பது அவன்ர வேலை. மாதத்துக்கு இத்தனை கோப்பு என்று இலக்கு இருக்கும்.

தம்பி கோப்பைக் கொண்டுவருகிறான், அக்கா சரிபார்க்கிறா. இதுவும் இரண்டு திறப்புத்தான், ஆனால் ஒரே வீட்டில்.

வேலைக்குச் சேரும்போது இருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று வைப்பம். முதல் இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. மூன்றாம் மாதக் கடைசி நாளில் தம்பிக்கு இலக்கை எட்ட ஒரு கோப்புக் குறையுது. கையில் இருக்கிற கோப்பில் ஒரு பிணையாளியின் சம்பளத் துண்டு இல்லை. வேறு உத்தியோகத்தர் என்றால் அக்கா கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பா. தம்பி என்றபடியால் "நாளைக்குக் கொண்டுவந்து வை" என்று சொல்லி மேலே அனுப்புறா. இது களவில்லை. ஒரு சதம்கூட ஒருவரும் எடுக்கவில்லை. பத்து வருடம் ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு இடையில் இயல்பாக நடக்கிற ஒரு விட்டுக்கொடுப்பு, அவ்வளவுதான். சம்பளத் துண்டு நாளைக்கும் வரேல்லை, அடுத்த கிழமையும் வரேல்லை. பிறகு இருவரும் மறந்துபோகினம்.

நாலு தவணை கட்டினபிறகு வாடிக்கையாளர் கட்டுவதை நிறுத்துகிறார். பிணையாளியைத் தேடினால் அவருக்கு வேலையே இல்லை. உள்ளகக் கணக்காய்வாளர் வந்து கோப்பைத் திறக்கிறார். கொண்டுவந்தது யார், விட்டது யார் என்று இரண்டு கையொப்பத்தையும் பார்க்கிறார். கிளையில் ஒருவர் சொல்லுகிறார், "ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையள் தானே." அந்த நிமிடத்திலிருந்து விசாரணை ஒரு சம்பளத் துண்டைப் பற்றியதில்லை. தம்பி கொண்டுவந்து அக்கா பார்த்த ஒவ்வொரு கோப்பும் மேசைக்கு வருது. அதில் முப்பத்தொன்பது சரியாக இருந்தாலும் அந்த முப்பத்தொன்பதும் சந்தேகம்தான். ஒரு கவலையீனம் என்று எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விசயம், உறவை மறைத்ததால் திட்டமிட்ட மோசடி மாதிரித் தெரியுது. அக்காவின் நாலு வருடமும் தம்பியின் சில மாதங்களும் ஒரே கிழமையில் முடியலாம்.

இன்னொரு விதமாகவும் இது கெடும், அதில் இருவரும் ஒரு பிழையும் செய்ய வேண்டியதில்லை. அக்கா மிகவும் கண்டிப்பானவ, தம்பியின் கோப்பையும் திருப்பி அனுப்புறவ என்று வைப்பம். அதே கிளையில் வேறொரு வெளிக்கள உத்தியோகத்தரின் கோப்பை நியாயமான காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறா. அவர் என்ன நினைப்பார்? "தம்பிட கோப்பு எண்டா போயிருக்கும்." அவரை மறுத்துப் பேச அக்காவிடம் ஒரு ஆதாரமும் இல்லை. உறவை முதலே பதிந்து, தம்பியின் கோப்புகளை வேறொருவர் பார்ப்பார் என்று ஏற்பாடு செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆக, சொல்லுவது நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டுமில்லை. நேர்மையாக வேலை செய்கிறவருக்குத் தன் நேர்மையை நிரூபிக்கக் கிடைக்கிற ஒரே கடதாசி அதுதான்.

"அவங்களுக்குத் தேவை எண்டா அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்று சொல்லுறவையும் இருக்கினம். எங்கட பேர் முறையை யோசியுங்கோ. எங்களில் பலருக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பேர்தான் முன்னுக்கு நிற்குது. அக்கா கலியாணம் கட்டினால் அந்த இடத்தில் கணவரின் பேர் வந்துவிடும். விண்ணப்பத்தில் தம்பியின் பேரையும் சம்பளப் பட்டியலில் அக்காவின் பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அவை உடன்பிறப்புகள் என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் இருக்கிற ஆட்சேர்ப்பு அலுவலருக்குக் கிளிநொச்சியில் யார் யாருக்கு என்ன முறை என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டால் ஆட்சேர்ப்பில் அது தெரியவராது. ஆனால் பிறகு தெரியவரும். அவசரத் தொடர்புக்கு யாருடைய இலக்கத்தைக் குடுத்தீர்கள் என்ற படிவத்தில், கணவனும் மனைவியும் ஒரே பிள்ளையின் மருந்துச் செலவைக் காப்புறுதியில் கேட்கும்போது, கிளைக்கு வருகிற கலியாண அழைப்பிதழில், முகநூலில் போடுகிற பிறந்தநாள் படத்தில். எல்லாமே நீங்கள் உள்ளே போனபிறகு, நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும்போது.

இன்னொரு விசயம் எங்கட "சகோதரம்" என்ற சொல்லே. பெரியப்பாவின் மகனும் எங்களுக்கு அண்ணாதான், சித்தியின் மகளும் தங்கச்சிதான், அக்காவின் கணவர் அத்தான். படிவத்தில் "உறவினர்" என்று கேட்டால் யாரைச் சொல்லுறது? அந்த நிறுவனத்தின் விதியில் வரைவிலக்கணம் இருந்தால் அதைப் பின்பற்ற வேணும், அதைக் கேட்டு வாங்குவதில் பிழையில்லை. வரைவிலக்கணம் இல்லையென்றால் நாங்கள் ஒரு எளிய அளவுகோல் சொல்லுவம். கணவன், மனைவி, கூடப் பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள் என்றால் எந்தக் கிளையில் எந்த வேலையில் இருந்தாலும் சொல்லுங்கோ. அத்தான், மச்சாள், ஒன்றுவிட்ட சகோதரம் என்றால், அவர் உங்களை எடுக்கிற முடிவிலோ உங்கட வேலையைச் சரிபார்க்கிற இடத்திலோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கோ. யாழ்ப்பாணக் கிளையில் நீங்கள், மாத்தறைக் கிளையில் தூரத்து மச்சான் என்றால் அது ஊர்க்கதை, நலன் முரண் இல்லை.

சரி, எப்போது சொல்லுறது? விண்ணப்பப் படிவத்தில் கேள்வி இருந்தால் அங்கேயே. "இந்நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர் எவரேனும் உளரா?" என்ற மாதிரி ஒரு வரி பல படிவங்களில் இருக்கும், நாங்கள் கீறு போட்டுவிட்டுக் கடந்துபோவம். அதே படிவத்தின் அடியில் "மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும் உண்மையானவை, பொய்யென நிரூபிக்கப்பட்டால் பணிநீக்கம் செய்யப்படலாம் என்பதை அறிவேன்" என்ற வகையில் ஒரு வாக்கியம் இருக்கும், அதன் கீழே எங்கட கையொப்பம். கீறு போட்டது மறதி என்று பிறகு சொல்லலாம். "இல்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தது பொய். இரண்டுக்கும் இடையில் நிறைய வித்தியாசம் இருக்கு, ஆனால் விசாரணை அறையில் அந்த வித்தியாசத்தை நிரூபிக்கிற பொறுப்பு உங்கட தலையில் விழும்.

படிவத்தில் கேள்வியே இல்லையென்றால்? நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி ஆட்சேர்ப்பு அலுவலர் தொலைபேசியில் கூப்பிடுகிற நேரம்தான் நல்ல நேரம். அதுக்கு முதல் சொல்லத் தேவையில்லை, நூறு விண்ணப்பத்தில் ஒன்றாக இருக்கும்போது உங்கட உறவு ஒருவருக்கும் தேவையில்லாத தகவல். அதுக்குப் பிந்தினால் ஆபத்து, ஏனென்றால் நேர்முகக் குழுவில் யார் இருப்பினம் என்பது அந்தக் கட்டத்தில்தான் முடிவாகும். கடைசி எல்லை நியமனக் கடிதத்தில் கையொப்பம் வைப்பதுக்கு முந்திய நிமிடம். நேர்முகத்தில் இருந்துகொண்டு சொல்லுறதை நாங்கள் நல்ல வழியாகப் பார்க்கேல்லை. அந்த மேசையில் நாலு பேருக்கு முன்னால் "என்ர அக்கா இங்கதான்" என்று சொன்னால் அது தகவலாகக் கேட்காது, சிபாரிசாகத்தான் கேட்கும்.

யாரிடம் சொல்லுறது? மனிதவளப் பிரிவிடம், எழுத்தில். கிளை முகாமையாளர் நல்லவராக இருக்கலாம், "அது பிரச்சினை இல்லைத் தம்பி, வாரும்" என்று தோளில் தட்டலாம். ஆனால் ஆறு மாதத்தில் அவர் இடமாற்றத்தில் மட்டக்களப்புக்குப் போய்விடுவார், வாய்ச்சொல் அவரோடு போய்விடும். புதிதாக வருகிறவருக்கு நீங்கள் உறவை மறைத்தவர். தொலைபேசியில் சொன்னாலும் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கோ. அதில் நாலு விசயம் போதும்: உறவு என்ன, அவர் எந்தக் கிளையில் எந்தப் பதவியில் இருக்கிறார், நீங்கள் விண்ணப்பித்த வேலையோடு அவருடைய வேலைக்கு எங்கே தொடர்பு வரலாம், இந்த ஆட்சேர்ப்பில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா. எங்கட உதாரணத்துத் தம்பி எழுதினால் இப்படி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதைவிட நீளம் தேவையில்லை:

"வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்தமைக்கு நன்றி. எனது மூத்த சகோதரி தங்கள் கிளிநொச்சிக் கிளையின் கடன் பிரிவில் பணிபுரிகிறார் என்பதை அறியத்தருகிறேன். இப்பதவிக்கு நான் தெரிவானால் எனது கோப்புகள் அவரது பிரிவுக்குச் செல்லக்கூடும். இந்த ஆட்சேர்ப்பில் அவருக்கு எவ்விதப் பங்கும் இல்லை. தேவையெனில் வேறு கிளையில் பணியாற்றவும், எனது கோப்புகளை வேறொருவர் பரிசீலிக்கும் ஏற்பாட்டுக்கும் நான் உடன்படுகிறேன்."

இதில் என்ன இல்லை என்றும் பாருங்கோ. அக்கா எவ்வளவு திறமையானவ என்று ஒரு வரி இல்லை. அவ எத்தனை வருடம் உழைத்தவ, முகாமையாளருக்கு எவ்வளவு நெருக்கம் என்று இல்லை. தகவலுக்கும் சிபாரிசுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கு. சிபாரிசு உறவின் கனத்தைக் காட்டும். தகவல் உறவு எங்கே முட்டும் என்று காட்டி, அங்கே கதவை மூட வழியும் சொல்லும். அக்காவின் சம்பளம், அவவின் குடும்ப விசயம், நீங்கள் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா என்பதெல்லாம் உங்கட பாட்டில் எழுத வேண்டியதில்லை. அவவிடம் கேட்காமல் இந்த மின்னஞ்சலைப் போடவும் வேண்டாம், அவவின் வேலையும் இதில் இருக்கு.

அக்காவுக்கும் ஒரு பங்கு இருக்கு, அதைத்தான் பெரும்பாலும் மறந்துபோகினம். தம்பி விண்ணப்பித்தான் என்று தெரிந்த நாளிலேயே அவ தன்னுடைய மேலதிகாரிக்கும் மனிதவளப் பிரிவுக்கும் தனியாக எழுத வேணும். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கிற வேலை அவவின் மேசைக்கு வந்தால் அதைத் தொடக்கூடாது. நேர்முகத்தில் என்ன கேட்பினம் என்று வீட்டில் சொல்லக்கூடாது. ஆளைக் கூட்டிவந்தால் ஊழியருக்குக் காசு குடுக்கிற திட்டம் சில நிறுவனங்களில் இருக்கு, தம்பியை அதில் போடுவதென்றால் உறவை எழுதிக் கேட்டு, அது அனுமதி என்று பதில் வந்தபிறகுதான் போட வேணும். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கோப்பை எந்தக் கணக்காய்வாளரும் எப்ப வேண்டுமென்றாலும் திறக்கலாம்.

இங்கே ஒரு எதிர்க் கேள்வி வரும்: "சொல்லிப்போட்டாச் சரியோ?" சரியில்லை. சொல்லுவது பாதி, விலகுவது மீதி. இதுக்கு உலகறிந்த ஒரு உதாரணம் இருக்கு. 2005ஆம் ஆண்டு போல் வொல்போவிற்ஸ் உலக வங்கியின் தலைவராகப் போனபோது, அவருடைய துணைவி ஷாஹா ரிசா அதே வங்கியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார். அவர் அதை மறைக்கவில்லை. பதவியேற்க முதலே வங்கிக்குச் சொன்னார். வங்கியின் ஒழுக்கநெறிக் குழுவும் அதைப் பரிசீலித்தது. துணைவி வங்கிக்கு வெளியே, அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டார். இவ்வளவும் ஒழுங்கு. பிழைத்த இடம் அதுக்கடுத்தது. அவர் வெளியே போவதுக்கான பதவி உயர்வையும் சம்பள உயர்வையும் எப்படிக் குடுக்க வேணும் என்று மனிதவளப் பிரிவின் தலைவருக்கு அறிவுறுத்தியது வொல்போவிற்ஸ் தான். ஏறக்குறைய 132,000 டொலராக இருந்த சம்பளம் 193,000 டொலரைத் தாண்டிப் போனது. 2007ஆம் ஆண்டு அது வெளியே வந்தபோது, "நான் முதலே சொன்னனே" என்ற பதில் அவரைக் காப்பாற்றவில்லை. மே மாதம் பதவி விலகலை அறிவித்தார். முகாமைத்துவம் படிக்கிறவர்கள் இதை ஒழுக்கநெறிப் பாடத்தில் படிப்பினம். எங்களுக்கு அதில் முக்கியமான பாடம் ஒன்றுதான்: உறவைச் சொன்ன கையே உறவுக்கான கடதாசியிலும் கையொப்பம் வைத்தால், சொன்னதுக்குப் பெறுமதி இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் இந்த நாட்டில் அண்ணன் பிரதமர், தம்பி ஜனாதிபதி, இன்னொரு தம்பி நிதியமைச்சர். அது ஒருவருக்கும் தெரியாத இரகசியமா? நாட்டுக்கே தெரியும். தெரிந்தும் ஒருவரை ஒருவர் சரிபார்க்க வேண்டிய கதிரைகளில் ஒரு வீட்டுக்காரர் இருந்ததுதான் பிரச்சினை. காலிமுகத்திடலில் எழுந்த கோபம் உறவுமுறைக்கு எதிரான கோபமில்லை, இரண்டு திறப்பும் ஒரு வீட்டில் இருந்ததுக்கு எதிரான கோபம். அந்தக் கோபம் நியாயம் என்று நினைக்கிற தலைமுறை, கிளிநொச்சியில் ஒரு கிளை அலுவலகத்திலும் அதே அளவுகோலைப் பிடிக்க வேணும்.

இனி, இருப்பதிலேயே பலமான எதிர்வாதத்துக்கு வருவம். "சொன்னா வேலை கிடைக்காது." இது வெறும் பயமில்லை, உண்மையாகவே நடக்கும். கணவன் மனைவி இருவரையும் வைத்திருக்கவே மாட்டோம் என்று விதி வைத்திருக்கிற நிறுவனங்கள் இருக்கு. ஒரே கிளையில்தான் கூடாது என்றவையும் இருக்கு, ஒருவர் மற்றவருக்குக் கீழ் வேலை செய்யாவிட்டால் சரி என்றவையும் இருக்கு. கொழும்பில் என்றால் வேறு கிளைக்கு மாற்றிவிடலாம். எங்கட ஊர்களில் ஒரு நிறுவனத்துக்கு மாவட்டத்தில் ஒரு கிளைதான் இருக்கும், அடுத்த கிளைக்குப் போய்வர பஸ்ஸுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். கலைப்பீடத்துப் பட்டதாரிக்கு இருக்கிற தனியார் வேலை வாய்ப்பே நாலு என்றால், அதில் ஒன்றை வாயைத் திறந்து இழக்கச் சொல்லுறது லேசான கோரிக்கை இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் கணக்கைச் சரியாகப் பாருங்கோ. முதலே சொல்லி இழப்பது இன்னும் கைக்கு வராத ஒரு வேலை. பிறகு பிடிபட்டு இழப்பது கையில் இருக்கிற வேலை, கூடவே அக்காவின் வேலை, அதோடு அடுத்த நிறுவனம் கேட்கப்போகிற சேவைச் சான்றிதழ். தகுதிகாண் காலத்தில் பிடிபட்டால் விளக்கம் கேட்காமலேகூட அனுப்பப் பார்ப்பார்கள். உறவு இருப்பதுக்காக உங்களை எடுக்காத நிறுவனம், அந்த உறவு இருக்கும்வரை உங்களை வைத்திருக்கவும் போவதில்லை. ஒளித்தால் நீங்கள் வாங்குவது வேலை இல்லை, பிடிபடும்வரையான தவணை.

ஆனால் இந்தப் பொறுப்பு முழுவதையும் விண்ணப்பதாரியின் தலையில் மட்டும் சுமத்த நாங்கள் தயாரில்லை. பிள்ளைகள் ஒளிப்பதுக்குப் பாதிக் காரணம் நிறுவனங்கள்தான். உண்மையைச் சொல்லுறவரைத் தண்டித்துவிட்டுச் சொல்லாதவரை வேலைக்கு எடுத்தால், அடுத்த முறை ஒருவரும் சொல்லமாட்டார். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் எங்களிடம் கேள்விகள் இருக்கு.

முதலாவது, கேள்வியின் எல்லை. "எங்கட நிறுவனத்தில் உங்கட கணவரோ உடன்பிறப்போ வேலை செய்யினமோ?" என்பது நியாயமான கேள்வி. "கலியாணம் முடிஞ்சுதோ? அவர் எங்க வேலை? எப்ப பிள்ளை பெறுற யோசனை?" என்பது நலன் முரண் விசாரணை இல்லை, அது வேறு கணக்கு. ஆண் விண்ணப்பதாரியிடம் கேட்காத இதைப் பெண்ணிடம் கேட்கும்போது, சாட்டுக்கு மட்டும் அந்த நல்ல கேள்வியைப் பயன்படுத்துகினம். இப்படிக் கேட்டால் ஒரு பதில் போதும்: "இந்த நிறுவனத்தில எனக்கு நெருங்கிய உறவு ஒருவரும் இல்லை." அதுக்கு மேல் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இரண்டாவது, யார் விலகுவது? ஒரே கிளையில் இருக்கிற இருவர் கலியாணம் கட்டினால், ஒருவரை மாற்ற வேணும் என்ற பேச்சு வந்தால், மாறுகிறவர் பெரும்பாலும் மனைவிதான். சில வேளை "நீங்களே விட்டிடுங்கோவன்" என்று மெல்லச் சொல்லுவினம். எந்தப் பதவி எந்தப் பதவியைச் சரிபார்க்குது, யாரை மாற்றினால் வேலைக்குப் பாதிப்புக் குறைவு என்பதைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. எப்போதும் சேலை கட்டினவர்தான் எழும்ப வேணும் என்றால் அது நலன் முரணைத் தீர்க்கிற விதி இல்லை, பழைய வீட்டு விதிக்குப் புதிய பேர்.

மூன்றாவது, பதில். சொன்னவருக்கு எழுத்தில் பதில் வர வேணும்: உங்கட தகவல் பதியப்பட்டது, இன்ன ஏற்பாடு செய்யப்படும், அல்லது இன்ன விதியின்படி உங்களை எடுக்க முடியாது. தொலைபேசியை எடுக்காமல் விடுவது பதில் இல்லை. விதி இருந்தால் அதை விண்ணப்பப் படிவத்திலேயே போடுங்கோ, வேலைக்கு ஆள் வேணும் என்று விளம்பரம் போடுகிற நாளிலேயே தெரியட்டும். விதியை ஒளித்துவைத்துக்கொண்டு உறவை ஒளிக்காதே என்று சொல்ல ஒரு நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

எங்கட உதாரணத்துத் தம்பி அந்த மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றில் ஒன்று. கிளிநொச்சியிலேயே எடுத்து, அவன்ர கோப்புகளை வேறொருவர் பார்க்க ஏற்பாடு செய்திருப்பினம். அல்லது வவுனியாக் கிளைக்கு அனுப்பியிருப்பினம், காலையில் நேரத்தோடு எழும்பி பஸ் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். அல்லது இல்லை என்று சொல்லியிருப்பினம், அவன் இன்னொரு இடம் தேடியிருப்பான். மூன்றிலும் அந்த வீட்டில் ஆகக் குறைந்தது ஒரு சம்பளம் மிஞ்சியிருக்கும், இரண்டு பேரின் பேரும் சுத்தமாக இருந்திருக்கும்.

அடுத்த முறை வீட்டில் ஒருவர் "சொல்லிப்போடாத" என்றால், அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கோ: பிடிபட்டால் அக்காவுக்கு என்ன நடக்கும்? "பேரைச் சொல்லு, எடுப்பாங்கள்" என்றால், இதைக் கேளுங்கோ: அக்காட பேரில எடுத்தாங்கள் எண்டா, என்ர பேர் அங்க எதுக்கு?